சுருக்கத்துக்கு அளவுகோல் மூன்றில் ஒரு பங்கா? வினாத்தாள் அமைக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஊர் நூலகத்தின் ஓர் ஓரத்தில் மேசை போட்டு, மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உதவிக்கு வரும் கல்லூரி மாணவர்களிடம் ஓர் அரசாணையையோ சுற்றறிக்கையையோ கொடுத்து, வாசலில் ஒட்டுவதற்குச் சுருக்கி எழுதித் தரச் சொன்னால், அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "மூன்றில் ஒரு பங்கு வரணுமா ஐயா?" என்பதுதான். 'பின்வரும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக' என்று நீங்கள் கேட்கும் வினா, தேர்வு முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அவர்கள் கையைப் பிடித்து எழுத வைக்கிறது. அந்த வினாவைப் பற்றியே இந்த மடல்.

அந்த விதிக்குக் காரணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் திருத்த வேண்டியவருக்குச் சொற்களை எண்ணிப் பார்ப்பது எளிது. எடுத்துக்காட்டுகளையும் கூறியது கூறலையும் நீக்கப் பழகுவதற்கும் அது உதவுகிறது. ஆனால் எல்லா மூலமும் ஒரே அளவு தளர்வாக எழுதப்பட்டது என்ற எண்ணம் அந்த விதிக்குள் மறைந்திருக்கிறது. உண்மையில் சில மூலங்கள் பஞ்சுப் பொதி போன்றவை, அழுத்தினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். வேறு சில செங்கல் போன்றவை, அழுத்தினால் உடையும்.

பஞ்சுப் பொதிக்கு முதலில் ஓர் உதாரணம். ஒரு முதியவர் தம் கையால் எழுதிய எட்டுப் பக்க மனுவோடு வந்தார். நிலத்தைத் தந்தை வாங்கிய கதை, அண்ணன் தம்பி சண்டை, எந்தெந்தக் கிழமையில் எந்தெந்த அலுவலகத்துக்குப் போனார் என்ற விவரம் எல்லாம் அதில் இருந்தன. மனுவின் தலைப்பில் 'பொருள்' என்று ஒரு வரி எழுதுவோம் அல்லவா? அலுவலகத்தில் தபால் பிரிப்பவர் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார். அந்த எட்டுப் பக்கத்துக்கும் நாங்கள் எழுதிய பொருள் வரி இது: 'இறந்துபோன தந்தையின் பெயரில் உள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றக் கோருதல் – முன்பு கொடுத்த விண்ணப்பத்தின் மீது நடவடிக்கை இல்லாமை'. தபால் பிரிப்பவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் பார்த்து இரண்டரைப் பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தால், அதை ஒருவரும் சுருக்கம் என்று மதித்திருக்கமாட்டார்கள்.

செங்கல்லைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் தவறியது அங்கேதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 எங்கள் மேசைக்கு அன்றாடம் வரும் விஷயம். விண்ணப்பம் செய்வது, பதில் தருவது, மேல்முறையீடு செய்வது ஆகியவற்றைச் சொல்லும் 6, 7, 19 ஆகிய மூன்று பிரிவுகளையும் சேர்த்தால் அச்சில் ஏறத்தாழ மூன்று பக்கம் வரும். ஒரு மாணவர் அதைச் சுருக்கி, நூலக வாசலில் பெரிய எழுத்தில் ஒரே வாக்கியமாக எழுதி ஒட்டினார்: 'விண்ணப்பம் பெற்ற 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் அளிக்க வேண்டும்.' அதில் பொய் எதுவும் இல்லை, சட்டத்தின் 7(1) அதைத்தான் சொல்கிறது. நானும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன்.

அதைப் படித்துவிட்டு விண்ணப்பித்த ஒருவர், பதில் வராமல் போகவே, வந்துவிடும் வந்துவிடும் என்று நான்கு மாதம் காத்திருந்துவிட்டு எங்களிடம் வந்தார். கெடு முடிந்த நாளிலிருந்து அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது பிரிவு 19(1)-இல் இருக்கிறது. தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் மேல்முறையீட்டு அலுவலர் ஏற்கலாம் என்று அதே பிரிவு இடம் தருகிறது என்றாலும், அவருக்கு அது மறுக்கப்பட்டது. பத்து ரூபாய் கட்டணத்தோடு புதிதாக விண்ணப்பித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பணம் பெரிதல்ல, அந்த நான்கு மாதம் வீணானதுதான் அவரை வாட்டியது. 'போர்டுல இது இல்லையேங்க' என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலை அந்த மூன்று பக்கத்தையும் மாணவரோடு உட்கார்ந்து மறுபடி படித்தோம். இந்த முறை எத்தனை சொல் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு உட்பிரிவாக எடுத்து, 'இது தெரியாமல் போனால் வாசலில் நின்று படிப்பவர் தவறாக நடந்துகொள்வாரா?' என்று மட்டும் கேட்டோம். 'ஆம்' என்று விடை வந்தவற்றின் கீழே பென்சிலால் கோடு போட்டோம்.

கோடு விழுந்தவை நான்கே. 30 நாள் கெடு. உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் பற்றிய தகவலானால் 48 மணி நேரம். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும், ஆகவே பதில் வரவில்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. மறுத்தாலும் வராவிட்டாலும் அடுத்த 30 நாட்களுக்குள், அந்தத் தகவல் அலுவலரைவிட மூத்த அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. விண்ணப்பத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்ற 6(2) நல்ல செய்தியே, ஆனால் அது தெரியாதவர் கூடுதலாக ஒரு வரி எழுதுவாரே தவிர எதையும் இழக்கமாட்டார். அதனால் அது வாசல் பலகையில் இடம் பெறவில்லை. வாசல் பலகைக்கு அளவு நான்கு வாக்கியம் என்று இப்படித்தான் முடிவாயிற்று. அந்த எண்ணிக்கை மூலத்தின் நீளத்திலிருந்து வரவில்லை, படிப்பவர் தவறக்கூடிய இடங்களின் எண்ணிக்கையிலிருந்து வந்தது.

அதே மூலத்துக்கு மேசையில் உட்காரும் மாணவர்களுக்காக ஒரு முழுப் பக்கச் சுருக்கமும் எழுதினோம். அவர்களிடம் வருபவர் விதவிதமான நிலைமையோடு வருவதால் அவர்கள் தவறக்கூடிய இடங்களும் அதிகம். உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்திருந்தால், 7(1) சுட்டிக்காட்டும் 5(2)-இன்படி கெடுவோடு ஐந்து நாள் சேரும். கூடுதல் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்திருந்தால், அந்தக் கடிதம் அனுப்பப்பட்ட நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாளில் சேராது. விண்ணப்பம் வேறு அலுவலகத்துக்கு உரியதானால் அதை ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். முதல் மேல்முறையீட்டை 30 நாளில், காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் மொத்தம் 45 நாளுக்குள், முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள். இவற்றில் ஒன்றைக்கூட வாசல் பலகையில் எழுதியிருந்தால் அங்கே நிற்பவர் குழம்பியிருப்பார். மேசையில் இருப்பவருக்கோ இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாள் கணக்கு பிழையாகும்.

இரண்டு சுருக்கத்துக்கும் மூலம் ஒன்றுதான் என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். ஒன்று நான்கு வாக்கியம், மற்றொன்று ஒரு பக்கம், இரண்டும் சரியான நீளம். தற்செயலாக அந்த ஒரு பக்கம் மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தது, அந்த மாணவர் அதைச் சுட்டிக்காட்டி மகிழ்ந்தார். ஆனால் அடுத்த வாரமே ஒன்றரைப் பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தபோது கோடு போடாத வரியே இல்லை. வரிக்கு வரி தேதியும் நிபந்தனையும் இணைப்புச் சான்றுமாக இருந்த அதைச் சுருக்கவே இல்லை, பெரிய எழுத்தில் நகல் எடுத்து ஒட்டினோம். சுருக்கம் மூலத்தில் பாதியைத் தாண்டும் என்று தெரிந்தால், மூலத்தையே கொடுத்துவிடுவது நல்லது என்பது என் அனுபவம்.

கோடு விழுந்தவை ஆறு இருக்க, எழுத ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம் இருக்கும் என்ற சங்கடமும் வரும். குறுஞ்செய்தி அப்படிப்பட்டது. அப்போது ஆறையும் ஒரே வாக்கியத்தில் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாக்கியம் 'மற்றும்', 'மேலும்', 'எனினும்' என்று இழுத்துக்கொண்டே போகும், படிப்பவர் முடிவுக்கு வருமுன் தொடக்கத்தை மறந்துவிடுவார். ஆறையும் மழுப்பிப் பொதுவாக ஒன்று சொல்பவர்களும் உண்டு: 'தகவல் பெறுவதற்கான நடைமுறைகளும் கால வரம்புகளும் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன.' இந்த வாக்கியத்தைப் படித்த பின்பு படிப்பவர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. நாங்கள் செய்வது, மிகவும் கேடு தரக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்து முழுமையாகச் சொல்லி, மீதி எங்கே இருக்கிறது என்று காட்டுவது: 'தகவல் கேட்டு 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள், மற்ற விவரம் நூலக மேசையில்.' நீளத்தைக் குறைக்க வழியில்லாதபோது பொருளின் பரப்பைக் குறைக்க வேண்டும், குறைத்ததை மறைக்கவும் கூடாது.

எழுதிய சுருக்கம் சரியான அளவா என்று பார்ப்பதற்கு மூலத்தைப் படிக்காத ஒருவர் வேண்டும். எங்கள் நூலகத்தில் அது பெரும்பாலும் செய்தித்தாள் படிக்க வரும் ஓர் அம்மா. சுருக்கத்தை அவரிடம் கொடுத்து, யாரிடம் போவீர்கள், எத்தனை நாளுக்குள் போவீர்கள், நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்போம். ஒன்றுக்கு விடை தெரியாவிட்டால் சுருக்கம் குறைபட்டது. எல்லாவற்றுக்கும் விடை சொன்ன பிறகும் அவர் படிக்காமல் விட்ட வரிகள் இருந்தால் அது மிகைபட்டது. குற்றம் பத்தில் 'குன்றக் கூறல்', 'மிகைபடக் கூறல்' இரண்டையும் அடுத்தடுத்து வைத்த நன்னூலை நீங்கள்தான் எங்களுக்குக் கற்பித்தீர்கள். ஆனால் தேர்வில் இரண்டாவது குற்றத்துக்கே மதிப்பெண் குறைகிறது. சொல்லளவு சரியாக இருந்து, 'வராவிட்டால்' என்ற ஒரே ஒரு நிபந்தனை விடுபட்டிருந்தால் அந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வினாவில் மூன்றில் ஒரு பங்கு என்ற சொற்களை நீக்கி, அந்த இடத்தில் படிப்பவர் யார், அதைக் கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார் என்று எழுதுங்கள். கிராம சபைக் கூட்ட அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, 'இதை ஒலிபெருக்கியில் அறிவிப்பவருக்கு ஒரு வாக்கியமாகவும், கூட்டத்துக்கு வர இயலாதவருக்கு நான்கைந்து வாக்கியமாகவும் சுருக்கி எழுதுக' என்று கேட்கலாம். இடமும் நாளும் நேரமும் விடுபட்டால் இத்தனை மதிப்பெண் குறையும், முன்னுரையும் வாழ்த்தும் இடம் பெற்றால் இத்தனை குறையும் என்று விடைக்குறிப்பில் முன்கூட்டியே வகுத்துவிட்டால், திருத்துபவருக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்ற உங்கள் கவலையும் தீரும். மூலத்தில் எவை விடக்கூடாதவை என்று வினா அமைப்பவர் முதலில் கோடு போட வேண்டியிருக்கும், அது கூடுதல் உழைப்பு என்பதை அறிவேன். ஒரு பத்திக்கு அரைமணி நேரம் ஆகலாம்.

வரும் கல்வியாண்டின் மாதிரி வினாத்தாள்களில் ஒன்றிலாவது இப்படி ஒரு வினாவை வைத்துப் பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மேசையில் சேர்ந்திருக்கும் சுற்றறிக்கைகளும், அவற்றில் நாங்கள் போட்ட பென்சில் கோடுகளும், ஒட்டிய பலகைகளும் பத்திரமாக இருக்கின்றன. மாதிரிக்குப் பத்திகள் தேவைப்பட்டால் எடுத்து வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
நூலக ஓரத்தில் மனு எழுதித் தரும் ஒருவன்