சின்னத் தொகைக்குக் கட்டணம்தான் முதல் எதிரி

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. வேலை நிலையானதில் மகிழ்ச்சி. மாதம் 500 ஒதுக்க முடியும், அதை எதில் போடலாம் என்று கேட்டிருந்தாய். எதில் போடுவது என்பதற்கு முன்னால், போடுவதற்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதாமாதம் 500 போட்டால் வருஷத்துக்கு 6,000. ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 480 வரும் என்றுதான் தோன்றும். வராது. முதல் தவணை மட்டும்தான் 12 மாதம் வளர்கிறது, கடைசித் தவணைக்கு ஒரே மாதம்தான். ஆக மொத்தம் 260 போலத்தான் தேறும். கணக்குப் பராமரிப்புக்கென்று வருஷத்துக்கு 300 பிடித்தால், முதல் வருஷ முடிவில் நீ போட்டதிலேயே 40 குறைந்திருக்கும். சந்தை நன்றாக இருந்தும் இந்த நிலை! அதே பணத்துக்கு ஆண்டுக்கு 1 சதவீதம் என்று பிடித்தால் முப்பத்துச் சொச்சம்தான் போகும். சேர்ந்த பணம் 30,000 ஆகும்வரை நிலையான 300-ஐவிட 1 சதவீதமே மலிவு. அதைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகிவிடும், அப்போது மாற்றிக்கொள்ளலாம். பராமரிப்புக் கட்டணமே இல்லாத, குறைந்த சதவீதம் பிடிக்கிற, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கிற இண்டெக்ஸ் ஃபண்ட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு முறை வாங்கும்போதும் 20 பிடிக்கிற இடமாக இருந்தால் 500-க்கு அது 4 சதவீதம். அங்கே மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து 1,500-ஆக வாங்கு. வருஷத்துக்கு 240 போகிற இடத்தில் 80 போகும். பணம் காத்திருப்பதால் இழக்கிற வளர்ச்சி 40 அளவுதான். ஆனால் அந்தப் பணம் கைச்செலவுக் கணக்கில் கிடக்கக் கூடாது, கிடந்தால் மூன்றாம் மாதம் இருக்காது.

'கட்டணமே இல்லை' என்கிறவர்களிடம் விற்கும்போதும் பணத்தை வெளியே எடுக்கும்போதும் என்ன பிடிப்பார்கள் என்று கேள். பெரும்பாலும் அங்கேதான் ஒளித்து வைத்திருப்பார்கள்.

ஆட்டோ டெபிட் தேதியை மாதக் கடைசியில் வைக்காதே. சம்பளம் வருகிற நாளிலேயும் வேண்டாம், விடுமுறை வந்தால் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போகும். இரண்டு மூன்று நாள் கழித்து வை. பணமில்லாமல் ஒருமுறை திரும்பினால் வங்கி போடுகிற அபராதம் பல மாத வளர்ச்சியை விழுங்கிவிடும். ஓவர்டைம் இல்லாத மாதத்திலும் தாங்குகிற தொகையாக வை. கூட வந்த மாதம் கையால் போட்டுக்கொள்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்தக் கைமாற்றுக் கடன் இன்னும் இருக்கிறதா? வட்டி மாதம் 2 என்றால் ஆண்டுக்கு 24. எந்த ஃபண்டும் அதற்கு ஈடு கொடுக்கும் என்று நம்ப முடியாது, 500-ஐ முதலில் அங்கே கட்டு. பாக்கி எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
செல்வம்