கீற்று வேறு, பனையோலை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கூரை வீடுகள் பற்றி எழுதியவர், ஓலைக்கூரை இரண்டு வருஷம்கூடத் தாங்காது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தென்னங்கீற்றுக்கு அது சரிதான். ஆனால் ராமநாதபுரம் பக்கத்தில் எங்கள் பழைய வீடு பனையோலை, நன்றாக வேய்ந்த கூரை ஐந்து வருஷம் வரை ஒழுகாமல் நின்றிருக்கிறது.

எங்களுக்கு வேய்கிற அண்ணன் முதலில் பார்ப்பது சரிவைத்தான். வெட்டிய ஓலையை அடுக்கிப் பாரம் வைத்துத் தட்டையாக்கிக் காயவிட்டு, கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்திலிருந்து தொடங்கி உச்சியான முகடு வரை, குறுக்கே கட்டிய வரிச்சுக் கழிகளோடு நாரால் கட்டிக்கொண்டே போவார், எந்த இடத்திலும் மூன்று நாலு ஓலை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சரிவு நன்றாக இருந்தால் மழை மேல் ஓலையோடு வழிந்துவிடும், குறைந்தால் தண்ணீர் உள்ளே ஊறித் தங்கி, வெளியே பார்க்க நன்றாக இருக்கும்போதே உள் ஓலை மக்கும். உள்ளிருந்து ஓலையைக் கிள்ளிப் பார்த்தால் தெரியும், பொடிந்தால் அடுத்த மழைக்குத் தாங்காது.

வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தபிறகு கூரை சீக்கிரம் போனது. விறகுப்புகை படிந்த ஓலையைப் பூச்சி அவ்வளவாக அண்டாது, ஈரமும் தங்காது. அதற்காக அம்மாவைத் திரும்பப் புகையில் உட்காரச் சொல்ல முடியுமா?

நெருப்புதான் பெரிய பயம், அதை நான் மறுக்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரைக்குக் கீழே அடுப்பும் கூடாது, மூங்கிலோடு சேர்த்துச் சுற்றிய தளர்ந்த ஒயரும் கூடாது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், வைக்கோல் போட்டுப் புளிக்கவைத்த மண்ணில் மண்ணெண்ணெயில் இளக்கிய தாரைக் கலந்து கூரைமேல் பூசுகிற முறை ஒன்றைத் தந்திருக்கிறது. பூச்சு நன்கு காய்ந்தபின் தீ ஓலையைத் தொட நேரம் பிடிக்கும், மழையிலும் மண் கரையாது. ஆனால் பாரம் கூடும், பழைய மூங்கில் சட்டம் அதைத் தாங்காது. வெடிப்பு விட்டால் உடனே அடைக்கவும் வேண்டும்.

அப்புறம், ஆள். அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது, அவர் மகன் தகரக்கூரை போடுகிறான். பனை ஏறி ஓலை வெட்ட ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம், கிடைத்தாலும் ஒரே மரத்தை மொட்டையடித்தால் மரம் தேறாது, பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். கூரைத் தொழிலுக்கு மானியம், விருது என்று பேசுவதைவிட, ஓலைக்கூரை போடுகிற ரிசார்ட்டுகள் வருஷம்தோறும் பராமரிப்புக்கு உள்ளூர் ஆட்களையே நேரடியாக அமர்த்தினால், அண்ணனோடு கூடப் போய்க் கற்றுக்கொள்ள ஓர் இளைஞனாவது வருவான். நாங்கள் பங்குனியில் பாதிக் கூரை மாற்றப் போகிறோம், கட்டுரை எழுதியவர் வந்தால் அவரையும் ஒரு வரிசை கட்டச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்