பெப்ரவரி 29 இல் பிறந்தவருக்குப் பதினெட்டு வயது எந்நாளில் நிறைவடைகிறது? நீதி அமைச்சுக்கும் சட்டவரைஞர் திணைக்களத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தில் சிறு சங்கங்களுக்கும் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுப்பவன் என்ற முறையிலும், லீப் வருடத்தில் பெப்ரவரி 29 இல் பிறந்த ஒரு பிள்ளையின் மாமன் என்ற முறையிலும் இம்மடலை எழுதுகிறேன். கேட்கப்போவது மிகச் சிறிய விடயம்: சட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் இல்லாமையால் ஒரு பிள்ளை சிறுமியாகவும் இல்லாமல் பராயமடைந்தவளாகவும் இல்லாமல் இடையில் நின்ற கதையை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

என் தங்கையின் மகள் களுவாஞ்சிகுடியில் 2004 பெப்ரவரி 29 இல் பிறந்தவள். அவளுக்குச் சிறுவர் சேமிப்புக் கணக்கு ஒன்று இருந்தது. 2022 பெப்ரவரி 28, திங்கட்கிழமை காலையில், அவளுக்குப் பதினெட்டு வயது பூர்த்தியாகிவிட்டதாகவும் அன்று தொடக்கம் அவளது கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றப்பட்டுள்ளதாகவும் அந்த நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. கணினி வகுப்பொன்றுக்குக் கட்டணம் செலுத்த அன்றுதான் கடைசி நாள் என்பதால் தாயும் மகளும் உடனே கிளைக்குப் போனார்கள். அங்கிருந்த உத்தியோகத்தர் அடையாள அட்டை இலக்கத்தை வேறொரு திரையில் பதிந்தபோது வயது 17 என்று வந்தது. பதினெட்டு ஆகாதவர் தனியே பணம் எடுக்க முடியாது என்றார். அப்படியானால் நான் கையொப்பம் இடுகிறேன் என்று தாய் சொன்னபோது, கணக்கு பிள்ளையின் பெயருக்கு மாறிவிட்டதால் பாதுகாவலரின் கையொப்பம் இனிச் செல்லாது என்றார். மறுநாள் மார்ச் 1, மகா சிவராத்திரி, வங்கி விடுமுறை. புதன்கிழமை போனபோது எந்தத் தடையும் இல்லாமல் பணம் கிடைத்தது, வகுப்புக்குத்தான் கைமாற்று வாங்கிக் கட்டவேண்டியதாயிற்று.

அந்த உத்தியோகத்தர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு திரைகளும் தத்தம் கணக்கின்படி சரியாகவே பேசின. கணக்கு முதிரும் திகதியைக் கணிக்கும் நிரல், பிறந்த திகதியோடு பதினெட்டு ஆண்டுகளைக் கூட்டியிருக்கும். அப்படிக் கூட்டும்போது 2022 இல் பெப்ரவரி 29 இல்லை என்று கண்டால், பெரும்பாலான மென்பொருள்கள் மாதத்தின் கடைசி நாளான 28 இல் நின்றுவிடும். வயதைக் காட்டும் நிரலோ ஆண்டுகளைக் கழித்துவிட்டு, பிறந்த மாதமும் நாளும் இவ்வாண்டில் வந்துவிட்டனவா என்று பார்க்கும். 28 என்பது 29 ஐ விடச் சிறியது என்பதால், இன்னும் வரவில்லை என்று 17 ஐச் சொல்லும். அலுவலகங்களில் தினமும் திறக்கப்படும் எக்செல் தாளிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

```
=EDATE(DATE(2004,2,29),216)
=DATEDIF(DATE(2004,2,29),DATE(2022,2,28),"Y")
```

முதலாவது சூத்திரம் பதினெட்டு ஆண்டுகளை, அதாவது 216 மாதங்களைக் கூட்டுகிறது. கலத்தைத் திகதி வடிவத்துக்கு மாற்றினால் 2022 பெப்ரவரி 28 என்று வரும். இரண்டாவது, அதே 28 ஆம் திகதியில் வயது என்ன என்று கேட்கிறது, விடை 17. ஒரே மென்பொருள், ஒரே நாள், இரண்டு தீர்ப்பு. தரவுத்தளமாகிய மை எஸ்.கியூ.எல். இலும் ஜாவா மொழியிலும் இதே முரண்பாடு உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் ஆண்டை மட்டும் மாற்றினால் திகதி மார்ச் 1 க்குத் தாவிவிடும். பைதனில் அப்படி மாற்ற முயன்றால் அது பிழை காட்டி நின்றுவிடும். பைதன் செய்வதுதான் இவற்றுள் நேர்மையானது என்பது என் எண்ணம்: தனக்கு விதி சொல்லப்படவில்லை என்பதை அது மறைப்பதில்லை.

இவற்றுக்கு விதி சொல்லவேண்டியது சட்டம். பராயமடையும் வயது பற்றிய 1865 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முன்பு இருபத்தொரு வயதைக் குறித்தது. 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதைப் பதினெட்டாக்கியது. வயது நிறைவடையவேண்டும் என்கிற அக்கட்டளைச் சட்டம், பிறந்த நாளே இல்லாத ஓர் ஆண்டில் அது எப்போது நிறைவடைகிறது என்று சொல்லவில்லை. இதை அபூர்வமான சங்கடம் என்று ஒதுக்கவும் முடியாது. பதினெட்டை நான்கால் வகுத்தால் மீதி வரும். ஆகவே பெப்ரவரி 29 இல் பிறந்த எவருக்கும் பதினெட்டு வயது லீப் வருடத்தில் வருவதே இல்லை. அடையாள அட்டைக்குரிய பதினைந்தும், ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் மீளப்பெறும் ஐம்பதும், ஆண்கள் மீளப்பெறும் ஐம்பத்தைந்தும், வேலை விளம்பரங்களில் வழமையாக வரும் முப்பது, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என்ற உச்ச வயதெல்லைகளும் அப்படியே. ஓய்வுபெறும் அறுபதோ நல்லபடியாக லீப் வருடத்தில் வந்து விழுகிறது.

வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். மருமகளுக்கு மாசி மாதத்தில் அவளது நட்சத்திரத்தன்று மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் அர்ச்சனை செய்கிறோம்; அந்த நாள் எந்த ஆண்டிலும் காணாமற்போவதில்லை. தொலைபேசி நாட்காட்டி பிறந்தநாளைக் காட்டாமல் விடுவதும் பெரிய குறை அல்ல. ஆண்டுதோறும் வரும் நிகழ்வுகளுக்கான பொது விதிமுறையான RFC 5545 இன்படி, இல்லாத திகதிகளைத் தவிர்த்துவிடவேண்டும். ஆகவே நாட்காட்டி நான்காண்டுக்கு ஒருமுறைதான் நினைவூட்டும். 2015 இல் வெளியான RFC 7529, முந்திய நாளுக்கோ பிந்திய நாளுக்கோ நகர்த்திக்கொள்ளும் தெரிவை வழங்கியிருக்கிறது. வாழ்த்து ஒருநாள் முந்தியோ பிந்தியோ வந்தால் ஒருவரும் நட்டப்படப்போவதில்லை. கையொப்பம் செல்லுமா செல்லாதா என்பது அப்படியல்ல.

பிற நாடுகளில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள்? ஹொங்கொங் 1990 இல் கொண்டுவந்த பராய வயதுச் சட்டத்தில், ஒருவர் ஒரு வயதை அடைவது அவரது பிறந்த திகதிக்கு ஒத்த நாள் தொடங்கும்போது என்று கூறி, பெப்ரவரி 29 இல் பிறந்தவருக்கு லீப் அல்லாத வருடத்தில் அந்த நாள் மார்ச் 1 என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தின் 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9 ஆம் பிரிவில் முதற்பாதி இருக்கிறது, இரண்டாம்பாதி இல்லை. தாய்வானின் குடியியற் கோவை வேறு வழியில் போகிறது: ஆண்டுக் கணக்கில் அளக்கப்படும் காலம் ஒன்றின் இறுதி மாதத்தில் ஒத்த நாள் இல்லையென்றால், அம்மாதத்தின் கடைசி நாளோடு அக்காலம் முடிகிறது என்கிறது அதன் 121 ஆம் உறுப்புரை. எந்த வழியாயினும் எழுதிவைத்த வழி.

இலங்கைக்கு மார்ச் 1 பொருத்தம் என்று நான் வாதிடுவதற்குக் காரணம் நம் அடையாள அட்டைக்குள்ளேயே இருக்கிறது. அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். பலருக்குத் தெரியாத செய்தி, அந்த எண்ணிக்கையில் எல்லா ஆண்டுகளும் 366 நாட்கள் கொண்டவையாகவே கொள்ளப்படுகின்றன என்பது. பெப்ரவரி 28 எப்போதும் 059, பெப்ரவரி 29 எப்போதும் 060, மார்ச் 1 எப்போதும் 061. என் மருமகளின் இலக்கம் 2004560 என்று தொடங்குகிறது. அதாவது, பெப்ரவரி 29 க்கு ஒவ்வோர் ஆண்டிலும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்த நாள் நாட்காட்டியில் வந்தாலும் வராவிட்டாலும்.

இப்போது 2022 பெப்ரவரி 28 ஐ இதே முறையில் எண்ணிப் பாருங்கள்: 059. அவளது நாள் 060. இன்னும் எட்டப்படவில்லை, வயது 17. மார்ச் 1 இன் எண் 061. 060 ஐத் தாண்டியாயிற்று, வயது 18. விசேட விதி எதுவும் எழுதாமலே விடை ஒன்றாகவே வருகிறது. வயதைக் கழித்துப் பார்க்கும் பெரும்பாலான நிரல்களும் ஏற்கெனவே இதே விடையைத் தருவதால், மாற்றவேண்டியது ஆண்டுகளைக் கூட்டி முதிர்வுத் திகதி குறிக்கும் நிரல்களை மட்டுமே.

இவ்விடத்தில் மென்பொருள் எழுதும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த 366 நாள் வழக்கத்தை அறியாமல், அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கணிக்கும்போது அந்தந்த ஆண்டின் உண்மையான நாட்களை எண்ணிவிட்டால், லீப் அல்லாத வருடத்தில் மார்ச் 1 தொடக்கம் பிறந்தவர்கள் அனைவரும் ஒரு நாள் இளையவர்களாகிவிடுவார்கள். 2003 மார்ச் 1 இல் பிறந்தவரின் எண் 061. 2003 இன் 61 ஆவது நாளோ மார்ச் 2. அதே ஆண்டு டிசம்பர் 31 இல் பிறந்தவரின் எண் 366. அப்படிப்பட்ட நிரல் அவரை அடுத்த ஆண்டு ஜனவரி 1 க்குத் தள்ளிவிடும். உங்கள் செயலியில் இவ்வழு இருக்கிறதா என்று அறிய அந்த 366 ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாலே போதும். வினோதம் என்னவென்றால், இப்படிப் பிழைத்த செயலியிலும் பெப்ரவரி 29 காரர்களின் பிறந்த திகதி சரியாகவே வரும்.

மார்ச் 1 என்ற முடிவுக்கு எதிராகவும் நியாயம் உண்டு. 2004 பெப்ரவரி 29 இல் பிறந்த குழந்தைக்கு 2005 பெப்ரவரி 28 விடியும்போதே 365 நாட்கள் கழிந்துவிட்டன. அதை ஓர் ஆண்டு என்று சொல்பவரை மறுக்க முடியாது. மார்ச் 1 ஐ வைத்தால், பெப்ரவரி 28 இல் முடியும் விண்ணப்பங்களில் ஆகக்குறைந்த வயதெல்லையில் இவர்கள் ஒருநாள் இழப்பார்கள். உச்ச வயதெல்லையில் அதே ஒருநாளைப் பெறுவார்கள். பெப்ரவரி 28 ஐ வைத்தால் இது தலைகீழாகும். ஆகவே நீதி இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். நான் அட்டை இலக்கத்தின் பக்கம் சாய்வது அது ஏற்கெனவே எல்லார் சட்டைப்பையிலும் இருப்பதால்தான். உங்கள் ஆய்வில் 28 சரியென்று பட்டால் அதையே எழுதுங்கள்; எழுதாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நான் முன்வைக்கும் வாசகம் இது: “பெப்ரவரி 29 ஆம் திகதி பிறந்த ஒருவர், லீப் வருடமல்லாத எந்த ஆண்டிலும், அவ்வாண்டில் நிறைவுசெய்யும் வயதை மார்ச் 1 ஆம் திகதி தொடங்கும்போது நிறைவுசெய்தவராகக் கொள்ளப்படுவார்.” பராய வயதுச் சட்டத்தில் மட்டும் சேர்த்தால் சேமலாப நிதிக்கும் நியமனங்களுக்கும் அது எட்டாது, எல்லாச் சட்டங்களுக்கும் பொருள்கோடல் சொல்லும் 1901 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டமே இதற்கு ஏற்ற இடம் என்று எண்ணுகிறேன். அது பற்றி உங்களைவிட நான் அறிந்தவன் அல்லன்.

திருத்தம் வரும்வரை, வயதை வைத்து முடிவெடுக்கும் நிறுவனங்கள் ஒன்றைச் செய்யலாம். சோதனைக் கணினியில் பிறந்த திகதியை 29-02-2004 என்றும் இன்றைய திகதியை 28-02-2022 என்றும் வைத்து, குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியும் கருமபீடத் திரையும் ஒரே வயதைச் சொல்கின்றனவா என்று பார்க்கட்டும். முரண்பட்டால், சரிசெய்யப்படும்வரை பாதுகாவலரின் கையொப்பத்தை மார்ச் 1 முடியும்வரை ஏற்றுக்கொள்ளுமாறு கிளைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். 2024 பெப்ரவரி 29 இல் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போதுதான் சிறுவர் கணக்குகள் திறக்கப்படுகின்றன. அவற்றின் முதிர்வுத் திகதி 2042 பெப்ரவரி 28 என்று இன்றே பதியப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

இங்ஙனம்,
கணக்கு மென்பொருள் எழுதும் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு