கல்யாணக் கடனும் பென்ஷனும்: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

மகள் கல்யாணத்துக்கு ஒரு வருஷ பென்ஷன் அளவுக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். உங்கள் மாதப் பென்ஷனை 100 என்று வைத்துக்கொள்வோம்.

1,200 கடன், 12% வட்டி, 5 வருஷம். குறைந்துவரும் அசலுக்குத்தான் வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 27. மொத்தமாகக் கட்டுவது 16 மாதப் பென்ஷன். அதே 12 சதவீதத்தை 'ஃபிளாட்' என்று ஒருவர் சொன்னால், அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி. தவணை 32 ஆகிவிடும். உண்மையான வட்டி கிட்டத்தட்ட 20%. ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள், தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

நீங்கள் சொன்னபடி வீட்டுச் செலவுக்கு 75, மருந்துக்கு 10 போகிறது. மிச்சம் 15. அதில் 27 எங்கிருந்து வரும்? 7 வருஷமாக நீட்டினாலும் தவணை 21தான், கட்டுவதோ 18 மாதப் பென்ஷன். அதுவும், குறிப்பிட்ட வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று பல இடங்களில் வரம்பு வைத்திருப்பதால், நம் வயதில் நீட்டவே விட மாட்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அண்ணியைப் பற்றி. கடன் பத்திரத்தில் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். உங்களுக்குப் பிறகு அவருக்கு வருவது பாதிப் பென்ஷன் என்றால் வருமானம் 50, தவணை அதே 27. கேட்க நன்றாயிராது, ஆனால் கையெழுத்துக்கு முன்னால் அவரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிடுங்கள். கடனுக்குக் காப்பீடு உண்டா, உங்கள் வயதில் அது செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் கருத்து: கடனே வேண்டாம் என்றில்லை. மிச்சமுள்ள 15-இல் 5-ஐ அவசரத்துக்கு விட்டுவிட்டு 10-ஐத் தவணையாக வையுங்கள். அதே வட்டிக்கு 5 வருஷத்தில் அது தாங்கும் கடன் 450, அதாவது நாலரை மாதப் பென்ஷன். கல்யாணச் செலவை அதற்குள் அடக்கப் பாருங்கள். மீதி தேவைப்பட்டால் சம்பாதிக்கிற பெண்ணே தன் பெயரில் வாங்கட்டும். அவளுக்கு இன்னும் சம்பள வருஷங்கள் நிறைய இருக்கின்றன. 'பெண்ணிடம் எப்படிக் கேட்பது' என்பீர்கள். நாளைக்கு மருந்துக்குக் கேட்பதைவிட இன்று இதைக் கேட்பது சுலபம், அண்ணா.

இன்னும் மனம் 1,200-லேயே நிற்கிறதென்றால், கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கிறதே, இந்த மாதம் முதல் 27-ஐத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆறு மாதமும் அதைத் தொடாமல் வீடு நடந்தால் ஒன்றரை மாதப் பென்ஷனுக்கு மேல் கையில் சேரும், கடனும் அந்த அளவு குறையும். மூன்றாம் மாதமே அதில் கை வைக்க வேண்டி வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், 450 கணக்கை உட்கார்ந்து போடுவோம்.

அன்புடன்,
உங்கள் தம்பி