எட்டு டம்ளர் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் காலை நடைக்கு வருகிற பலர், வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தால் கிட்னி சுத்தமாகிவிடும் என்கிறார்கள். கழுவி விட அது அண்டா இல்லை. கூடுதலாகக் குடித்தது கொஞ்ச நேரத்தில் நிறமில்லாத சிறுநீராகப் போய்விடும், அவ்வளவுதான். 2018-ல் வெளியான கனடா ஆய்வில், சிறுநீரக நோய் உள்ளவர்களை ஒரு வருடம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்தும் நோயின் வேகம் குறையவில்லை.

நாளுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்கிற கணக்கும் அப்படித்தான். 1945-ல் அமெரிக்க ஊட்டச்சத்து வாரியம் நாளுக்கு 2.5 லிட்டர் என்று சொன்னபோதே, அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைக்கிறது என்றும் எழுதியது; அந்த வரியை யாரும் படிப்பதில்லை. நம் ரசம், மோர், கஞ்சி, ஏன் காபிகூடக் கணக்கில் சேரும்.

சரி, தண்ணீர் உண்மையிலேயே உதவுவது சிறுநீரகக் கல்லுக்கு. ஒருமுறை கல் வந்தவர், குடிக்கும் அளவைப் பார்க்காமல், நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஆத்தங்குடி கல் பதிக்கிற கொத்தனாருக்கு வியர்வையிலேயே நிறையப் போய்விடும், அவர் அதற்கும் சேர்த்துக் குடிக்க வேண்டியிருக்கும். மற்ற ஆரோக்கியமானவர்கள் தாகத்துக்குக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். இதய நோயாளிகளுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான்.

ஒரு வாசகர்,
காரைக்குடி