அளக்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

தம்பிமார், தங்கச்சிமார், வணக்கம். போன கிழமை பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பட்டறையில் ஷாஃப்ட் ஒன்றை அளந்தார்கள். வரைபடத்தில் 20 ±0.05 மி.மீ. கையில் டிஜிட்டல் கலிப்பர். திரையில் 20.04 வந்ததும் சரி என்று ஒதுக்கிவிட்டார்கள். மைக்ரோமீட்டரில் அது 20.06.

அனுமதித்த அகலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை வாசிக்கும் கருவி வேண்டும் என்பதுதான் பத்துக்கு ஒன்று விதி. அதை இதிலேயே போட்டுப் பார்ப்போம். 19.95 முதல் 20.05 வரை மொத்த அகலம் 0.10. இதைத்தான் பத்தால் வகுக்க வேண்டும், ± பக்கத்து 0.05ஐ அல்ல. விடை 0.01. ஆகவே 0.01 மி.மீ. வரை வாசிக்கும் கருவி வேண்டும். 0.02 வேர்னியரில் அந்த அகலத்துக்குள் ஐந்தே படிகள்தான்.

டிஜிட்டல் கலிப்பரும் 0.01 காட்டுகிறதே என்பீர்கள். காட்டும், ஆனால் அதன் துல்லியம் பொதுவாக ±0.02 அளவில்தான். தாடையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலே கடைசி இலக்கம் மாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ராச்செட் உள்ள 0.01 மைக்ரோமீட்டரை எடுங்கள். அளக்கும் முன் அதன் பூச்சியத்தையும் பாருங்கள்.

வரைபடத்தில் ± இல்லாமல் 20 h7 என்று குறியீடாக வந்தால் கதை வேறு. அகலம் 0.021 மட்டுமே, பத்தில் ஒன்று ஏறக்குறைய 0.002. அதற்கு 0.001 மைக்ரோமீட்டர் வேண்டும். அப்போது கைச்சூடும் கணக்கில் வரும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளக்காதீர்கள், ஆறட்டும்.

செவ்வாய்க்கிழமை வரும்போது உங்கள் வரைபடத்தில் ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் எந்தக் கருவி என்று பென்சிலால் எழுதி வாருங்கள்.