எல்லாவற்றையும் ‘இதர வருமானம்’ என்ற மூட்டையில் கட்டாதீர்கள்: ரிட்டர்ன் போட்டுத் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதச் சம்பளக்காரர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். சில வருடங்கள் நானும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கெடு நெருங்கும் வாரத்தில் மேசைமேல் ஃபார்ம் 16 குவிந்து கிடக்கும். ஆள் ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் ஒதுக்கினாலே அதிகம். அப்போது ஒருவர், “சார், சனி ஞாயிறுல வெளி வேலை கொஞ்சம் பண்ணேன், ஒரு தொண்ணூறாயிரம் வந்தது” என்பார். கை தானாக ITR-1க்குள் போய், ‘இதர வருமானம்’ என்ற கட்டத்தில் அந்தத் தொகையைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும். என் கையும் அப்படிப் போயிருக்கிறது. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

‘வரியைக் கட்டிவிட்டாரே, எந்தக் கட்டத்தில் போட்டால் என்ன’ என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில் அல்லது வணிகம், மூலதன ஆதாயம், இதர வருமானம் என்று ஐந்து தலைப்புகள் இருக்கின்றன. முதல் நான்கில் எதிலும் சேராததுதான் ஐந்தாவதுக்கு வர வேண்டும். மாதாமாதம் ஒரே மாதிரி வேலையைச் செய்து, பில் போட்டுப் பணம் வாங்கினால் அது தொழில் வருமானம். தொகை சின்னது என்பதற்காகத் தலைப்பு மாறாது. எங்கோ ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாங்கிய மதிப்பூதியம் என்றால் ஐந்தாவது தலைப்பில் வைப்பதில் நியாயம் இருக்கிறது. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த மாதமும் இதே வேலை வந்தால் செய்வீர்களா? ஆமாம் என்றால் அது தொழில்.

தொழில் என்று ஆன அந்த நொடியே ITR-1 கைவிட்டுப் போகிறது. அந்தப் படிவத்தில் தொழில் வருமானத்துக்கு இடமே கிடையாது. நாம் இதர வருமானத்தில் திணிப்பதற்குக் காரணமும் அதுதான். வேறு படிவத்துக்குப் போனால் கால் மணி நேரம் முக்கால் மணி நேரமாகும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2024-25 நிதியாண்டு, புதிய வரி முறை. ஒரு பெண் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். வருடச் சம்பளம் 9,60,000 ரூபாய். நிலைக்கழிவு 75,000 போக 8,85,000. இதற்கான வரி, 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 40,040. நிறுவனம் அதை ஒழுங்காகப் பிடித்துவிட்டது. இது போக, வெளியில் ஒருவருக்கு இணையதளம் கட்டி, மாதாமாதம் பராமரித்து, வருடத்தில் 90,000 வாங்கியிருக்கிறார். கொடுத்தவர் 194ஜே பிரிவில் 10 சதவீதம், அதாவது 9,000 பிடித்துக் கட்டியிருக்கிறார். ஆக இவர் பெயரில் அரசிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது 49,040.

நம் பழக்கப்படி ITR-1இல் 90,000த்தையும் இதர வருமானமாகப் போட்டால் மொத்த வருமானம் 9,75,000. வரி 49,400. இன்னும் 360 ரூபாய் கட்டச் சொல்லும். தொகை சின்னது, அவரும் சலனமில்லாமல் கட்டிவிட்டுப் போவார்.

இப்போது ITR-4. தகவல் தொழில்நுட்பம் 44ஏடிஏ பிரிவுக்குள் வரும் தொழில். அந்தப் பிரிவின்படி, கணக்குப் புத்தகம் எதுவும் காட்டாமல், வந்த தொகையில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். உண்மையில் கிடைத்தது அதைவிட அதிகம் என்று அவரே நினைத்தால் கூடுதலாகக் காட்டலாம், அது வேறு விஷயம். பாதி என்றால் 45,000. மொத்த வருமானம் 9,30,000. வரி 44,720. ஏற்கெனவே போனது 49,040 என்பதால் 4,320 ரூபாய் திரும்பி வர வேண்டும். நாம் மிச்சம் பிடித்த அரை மணி நேரத்தின் விலை, அவருக்கு 4,680 ரூபாய்.

பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. 26ஏஎஸ்-இல் அந்த 9,000 ரூபாய்க்கு எதிரே 194ஜே என்று அச்சடித்தாற்போல் நிற்கிறது. அது தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு. அந்த டிடிஎஸ்ஸை ITR-1இல் வரவு கேட்கும்போது, ‘தொழில் வருமானம் எங்கே’ என்று கணினிக்கே சந்தேகம் வரலாம். சந்தேகம் வந்தால் 139(9) பிரிவில், ரிட்டர்ன் குறைபாடுள்ளது என்று நோட்டீஸ் வரும். பதில் சொல்லப் பதினைந்து நாள். என் பக்கத்து மேசைக்காரர் ஒருவருக்கு இப்படி வந்தது. மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டிருந்தார். நல்லவேளை, இரண்டு நாள் மிச்சமிருந்தபோது என்னிடம் காட்டினார். பதிலே சொல்லாமல் விட்டால் அந்த ரிட்டர்ன் செல்லாததாகிவிடும், போடவே இல்லை என்பதற்குச் சமம். போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால், “எல்லாருக்கும் அப்படித்தான் போடறோம்” என்றாராம்.

ITR-4இல் எங்கே தடுமாறுவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளப் பகுதி வழக்கம்போல ஃபார்ம் 16-ஐ ஒட்டியே வரும், பிரச்சினையில்லை. தொழில் வருமானம் Gross Total Income பகுதிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே தொழிலின் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, மொத்த வரவை எழுத வேண்டும். வங்கி வழியாக வந்தது எவ்வளவு, ரொக்கமாக வந்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும். கைக்கு வந்த 81,000த்தை எழுதுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. எழுத வேண்டியது 90,000. பிடித்த 9,000மும் அவருடைய வருமானம்தான், வரியாக முன்கூட்டியே போயிருக்கிறது, அவ்வளவே.

அடுத்து Taxes Paid. சம்பளத்தைத் தவிர மற்ற டிடிஎஸ் வரும் அட்டவணையில், ஒவ்வொரு வரிக்கும் எதிரே வருமானம் எந்தத் தலைப்பு, மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்கும். இந்தக் கட்டம் தானாக நிரம்பியிருக்கும் என்று நம்பி மேலே போய்விடாதீர்கள். தலைப்பு தொழில் என்றும் தொகை 90,000 என்றும் இருக்க வேண்டும். பாதியைத்தானே வருமானமாகக் காட்டினோம் என்று 45,000 எழுதினால், வரவு கேட்ட டிடிஎஸ்ஸுக்கும் காட்டிய தொகைக்கும் பொருந்தாமல் போகும். அப்புறம் ரீஃபண்டுக்காக அவர் உங்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்வார்.

44ஏடிஏ எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டட வடிவமைப்பு, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, இன்னும் சிலவும் உண்டு. மாலையில் டியூஷன் எடுப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கு ITR-3 போட்டு, உண்மையான வரவையும் செலவையும் காட்டுவதே பத்திரமான வழி. ITR-3 என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் மொத்த வரவு, செலவு, லாபம் என்று சில வரிகளில் முடிக்க அதில் தனி இடம் இருக்கிறது.

இனி, நிஜமான சிக்கலுக்கு வருகிறேன். இதை மறைத்துவிட்டு உங்களைக் குறை சொன்னால் அது நேர்மையாகாது.

சம்பளம் மட்டும் வாங்குபவர் ஒவ்வொரு வருடமும் பழைய வரி முறையா, புதிய முறையா என்று ரிட்டர்ன் போடும்போதே மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் ஒரு ரூபாய் இருந்தாலும் அந்தச் சுதந்திரம் போய்விடும். வீட்டுக் கடன், 80சி என்று பழைய முறையில் லாபம் பார்ப்பவர், கெடு தேதிக்குள் Form 10-IEA-வைத் தனியாகத் தாக்கல் செய்து, அதன் ஒப்புகை எண்ணை ரிட்டர்னில் குறிப்பிட வேண்டும். கெடு தாண்டினால் அந்த வருடம் புதிய முறைதான், பேச்சே இல்லை. அதோடு, பழைய முறைக்குப் போனவர் ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. முப்பதாயிரம் ரூபாய் வெளி வேலைக்காக ஒருவர் இந்த வளையத்துக்குள் மாட்டிக்கொள்வது எனக்கும் பொருத்தமாகப் படவில்லை. உங்களில் சிலர் தெரிந்தே ITR-1 போடுவதற்கு இதுதான் காரணம் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் வாடிக்கையாளர். “உங்களுக்கு இது தொழில் வருமானம், பழைய முறை வேண்டுமென்றால் இந்த ஃபார்மும் உண்டு, இனிமேல் வருடா வருடம் மாற்ற முடியாது” என்று அவரிடம் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். சொல்லாமல் விட்டால் நோட்டீஸ் வரும்போது கெடு முடிந்திருக்கும். அப்போது படிவத்தைத் திருத்தலாம், பழைய முறையைத் திரும்பப் பெற முடியாது.

முன்கூட்டி வரி பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். டிடிஎஸ் போக வருடத்தில் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அந்தக் கவலை வேண்டாம். தாண்டினால், 44ஏடிஏ-காரர்களுக்குத் தவணையெல்லாம் கிடையாது, மார்ச் 15க்குள் மொத்தமாகக் கட்டினால் சரி.

உங்களிடம் கேட்பது இதுதான். ஃபார்ம் 16-ஐ வாங்கி வைத்துக்கொண்டு படிவத்தைத் திறக்காதீர்கள். முதலில் அவருடைய 26ஏஎஸ்-ஐயும் ஏஐஎஸ்-ஐயும் இறக்கிப் பாருங்கள். 192ஐத் தவிர வேறு பிரிவு எண் கண்ணில் பட்டால், அது வங்கி வட்டியா, வேலைக்கு வந்த கூலியா என்று கேளுங்கள். எந்த டிடிஎஸ்ஸும் இல்லாமல் நேரே வங்கிக் கணக்குக்கு வந்த சின்னத் தொகைகள் அந்த இரண்டு பக்கத்திலும் தெரியாமல் போகலாம். அதை வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். கேட்ட பிறகும் அவர் ITR-1தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஏன் கூடாது என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடுங்கள். நோட்டீஸ் வரும்போது அந்த ஒரு வரி உங்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் பழைய மேசைக்காரன்